குறைமாதக் குழந்தைக்கு எவ்வளவு ஆக்சிஜன்?

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்ட அந்தக் குழந்தையின் எடை 2.1 கிலோ. சற்று நேரத்திலேயே மூச்சுத் திணறல் தொடங்கியது. பாஸ்டனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துபோனது. உலகின் எந்த மருத்துவரையும் வரவழைக்கக்கூடிய குடும்பத்துக்கே அன்று கிடைத்தது அவ்வளவுதான்: ஆக்சிஜன், இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன்.

அந்தக் குழந்தையைக் கொன்றது ஆக்சிஜன் அல்ல, முதிராத நுரையீரல். நம் நுரையீரலின் நுண்காற்றுப்பைகளின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, அந்தப் பைகளின் சுவர்களும் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது ‘சர்ஃபேக்டன்ட்’ என்ற கொழுப்புப் படலம். கருவின் நுரையீரல் அதைத் தேவையான அளவு சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே பிறந்தால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலைப் புதிதாக ஊதித் திறக்க வேண்டும்; குழந்தை களைத்துப்போகும். இந்தப் படலம் இல்லாததுதான் காரணம் என்பதை மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் 1959இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து சர்ஃபேக்டன்ட் கொடுத்துக் குழந்தைகளைப் பிழைக்க வைக்க முடியும் என்று ஜப்பானின் புஜிவாரா நிரூபிக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் வென்டிலேட்டர் வந்தது. அதனுடன் ஒரு புதிய நோயும் வந்தது.

அதை முதலில் அடையாளம் கண்டவர் ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் படித்துக்கொண்டிருந்த வில்லியம் நார்த்வே. கடுமையான மூச்சுத் திணறலோடு பிறந்து, வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி அவரும் சக மருத்துவர்களும் 1967இல் எழுதினார்கள். இந்தக் குழந்தைகள் 80 முதல் 100 சதவீத ஆக்சிஜனை நாள்கணக்கில் சுவாசித்தவர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21 சதவீதம்தான். முதல் இரண்டு மூன்று நாள் படங்களில் வழக்கமான மூச்சுத் திணறல் நோயின் மங்கல் மட்டுமே தெரிந்தது. நான்காம் நாளுக்குப் பிறகு நுரையீரல் முழுவதும் வெளுத்துப்போனது. பத்து நாளைக் கடந்தபோது அந்த வெளுப்புக்குள் சின்னச் சின்ன வட்டக் குமிழ்கள் தோன்றின. ஒரு மாதத்தில் குமிழ்கள் பெரிதாகி, இடையிடையே தழும்பு இழைகள் ஓடின. இறந்த குழந்தைகளின் நுரையீரலில் மூச்சுக்குழாயின் உட்தோல் செத்து உதிர்ந்திருந்தது, தசை தடித்திருந்தது. முன்பெல்லாம் அந்தக் குழந்தைகள் இரண்டு மூன்று நாளிலேயே இறந்துவிடுவார்கள் என்பதால் இதை யாரும் பார்த்திருக்கவில்லை. இந்த நோய்க்கு நார்த்வே குழுவினர் வைத்த பெயர் ப்ராங்கோ பல்மனரி டிஸ்ப்ளேசியா. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள்.

குற்றவாளி யார்? அழுத்தி ஊதும் வென்டிலேட்டரா, ஆக்சிஜனா, குறைப்பிறப்பேவா? 32 குழந்தைகளுக்கும் இவை மூன்றுமே சேர்ந்திருந்ததால் நார்த்வேயால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துக் காட்டிய சோதனை 1980களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்தது. பபூன் குரங்குக் குட்டிகளை 140ஆம் நாளில், அதாவது நிறைமாதத்துக்கு ஆறு வாரம் முன்பாக, அறுவை சிகிச்சை மூலம் வெளியே எடுத்தார்கள். எல்லாக் குட்டிகளுக்கும் வென்டிலேட்டர் வைத்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொடர்ந்து 100 சதவீத ஆக்சிஜன். இன்னொரு பிரிவுக்கு ரத்தத்தின் தேவையைப் பார்த்துப் பார்த்து அளவாக. முதல் பிரிவின் நுரையீரல்கள் பி.பி.டி. குழந்தைகளுடையதைப் போலவே சிதைந்தன. இரண்டாம் பிரிவில் பாதிப்பு மிகக் குறைவு. இயந்திரம் இரு பிரிவுக்கும் ஒன்றே. மாறியது ஆக்சிஜன் மட்டும்.

உயிர் காக்கும் வாயு எப்படித் திசுவைச் சிதைக்கிறது? செல்லுக்குள் ஆக்சிஜன் எரிபொருளோடு சேர்ந்து கடைசியில் தண்ணீராக மாற வேண்டும். ஆனால் ஒரு சிறு பங்கு பாதி வழியிலேயே நழுவி, ‘சூப்பர் ஆக்சைடு’ என்ற கட்டற்ற மூலக்கூறாகிவிடுகிறது. இதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், இரும்பு கிடைத்தால் அதைவிட ஆவேசமான ஹைட்ராக்சிலும் பிறக்கின்றன. இவை செல்லின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கும். கதிரியக்கமும் அதிக ஆக்சிஜனும் உடலைச் சேதப்படுத்துவது இந்த ஒரே வழியில்தான் என்று 1954இல் முதலில் சொன்னவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேகா கெர்ஷ்மன். சுவாசிக்கும் ஆக்சிஜன் கூடக் கூட நழுவும் பங்கும் கூடுகிறது. உடலிலேயே அதிக ஆக்சிஜனை நேருக்கு நேர் சந்திக்கும் உறுப்பு நுரையீரல் என்பதால் முதல் அடி அங்கே விழுகிறது.

அந்த அடி ஒழுங்கான வரிசையில் நடக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது நுண்காற்றுப்பையைச் சுற்றியுள்ள தந்துகி நாளங்களின் உட்சுவர். அது கசியத் தொடங்கியதும் ரத்தத்தின் நீரும் புரதமும் காற்றுப்பைக்குள் புகுகின்றன. புரதம் இருக்கிற கொஞ்சநஞ்ச சர்ஃபேக்டன்ட்டையும் செயலிழக்க வைக்கும். வெள்ளை அணுக்கள் உதவிக்கு ஓடிவந்து, தங்கள் பங்குக்கு மேலும் கட்டற்ற மூலக்கூறுகளை உமிழ்கின்றன. நுரையீரல் இறுகுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மருத்துவர் ஆக்சிஜனைக் கூட்டுகிறார். இந்தச் சுழல்தான் இந்த நோயின் மிகக் கொடிய பகுதி: காயத்தின் அறிகுறியும் காயத்தின் காரணமும் சிகிச்சைக் குறிப்பில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஆரோக்கியமான பெரியவருக்கும் தூய ஆக்சிஜன் தீங்குதான். ஒரு நாள் முழுக்கச் சுவாசித்தால் பெரும்பாலோருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சலும் வறட்டு இருமலும் வரும். 50 சதவீதம் என்றால் அப்படி வருவதில்லை.

குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. கட்டற்ற மூலக்கூறுகளை அடக்க நம் செல்களில் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. இவற்றின் அளவு கருவின் நுரையீரலில் கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில்தான் ஏறுகிறது. சர்ஃபேக்டன்ட் ஏறும் அதே காலம். பிறந்த அடுத்த நொடி காற்றைச் சந்திக்க இயற்கை செய்யும் ஏற்பாடு அது. கருப்பையில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 25, 30 மி.மீ. அளவுதான். ஆகவே 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சாதாரணக் காற்றே ஒரு பெரிய ஏற்றம். விலங்குச் சோதனைகளில் வியப்பான ஒன்று தெரிந்தது. 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள அறையில் வளர்ந்த எலிகள் மூன்று நாள் அளவில் இறந்துபோக, நிறைமாதமாகப் பிறந்த எலிக்குட்டிகள் பல நாள் தாங்கின. ஆபத்தை உணர்ந்ததும் அவற்றால் நொதிகளைப் பெருக்கிக்கொள்ள முடிந்தது. குறைமாதக் குட்டிகளால் அது முடியவில்லை. பச்சிளங்குழந்தை என்பதால் மட்டும் பலவீனம் வந்துவிடுவதில்லை. முந்திப் பிறந்ததால் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. 26 வார நுரையீரலில் நுண்காற்றுப்பைகளே இன்னும் உருவாகவில்லை. வெறும் பெரிய பைகள்தான். அவற்றுக்குள் குறுக்குச் சுவர்கள் முளைத்துத்தான் ஆயிரமாயிரம் சிறு அறைகள் உண்டாக வேண்டும். அந்த வேலை 36 வாரத்தை ஒட்டி வேகமெடுத்து, பிறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதிக ஆக்சிஜன் அந்தச் சுவர்கள் முளைப்பதையே நிறுத்திவிடும். சர்ஃபேக்டன்ட்டும், தாய்க்குப் பிரசவத்துக்கு முன் போடும் ஸ்டீராய்டு ஊசியும் வந்த பிறகு நார்த்வே பார்த்த தழும்பு நுரையீரல் அரிதாகிவிட்டது. இன்று பி.பி.டி. பெரும்பாலும் வளர்ச்சி நின்ற நுரையீரல்: தழும்பு குறைவு, ஆனால் அறைகளும் குறைவு.

அப்படியானால் ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போகலாமா? முடியாது. 28 வாரத்துக்கு முன் பிறந்த ஏறக்குறைய 5000 குழந்தைகளை வைத்து ஐந்து பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒரு பிரிவில் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 85 முதல் 89 சதவீதம், மற்றதில் 91 முதல் 95. குறைவாக வைத்த பிரிவில் விழித்திரை பாதிப்பு குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. அதனால்தான் இன்று பல மருத்துவமனைகள் 90க்கும் 95க்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கின்றன. அந்தச் சன்னமான இடைவெளிதான் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியரின் அன்றாடப் போராட்டம்.

இங்கே பெற்றோர் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 99 காட்டினால் நிம்மதி வருகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு அந்த நிம்மதி சரி. ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும் குழந்தைக்கு அதே 99 எச்சரிக்கை. மீட்டர் பார்ப்பது ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும். அது நிரம்பிய பிறகு மிஞ்சும் ஆக்சிஜன் ரத்த நீரில் கரைந்துகொண்டே போகும். மீட்டருக்கு அது தெரியாது. அழுத்தம் 100 மி.மீ. ஆனாலும் 300 ஆனாலும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தான். அதனால்தான் அலாரத்துக்குக் கீழ் எல்லை மட்டும் வைத்தால் போதாது, மேல் எல்லையும் வைக்க வேண்டும்.

அளவாகக் கொடுக்க ‘பிளெண்டர்’ என்ற கருவி வேண்டும். அழுத்தப்பட்ட காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து 30, 40 என்று வேண்டிய சதவீதத்தில் அது தரும். சிலிண்டரிலிருந்து நேராக வருவது தூய ஆக்சிஜன். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று குமிழைத் திருப்பினால் மாறுவது வேகம். சிலிண்டரில் இருந்து வரும் வாயு அதே 100 சதவீதம்தான்.

பிரசவ அறைப் பழக்கம் மாறியதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு 100 சதவீத ஆக்சிஜன் என்பதே அதுவரை விதி. டெல்லியின் சித்தார்த் ராம்ஜியும் நார்வேயின் ஓலா சாக்ஸ்டாடும் சேர்ந்து 84 குழந்தைகளிடம் சாதாரணக் காற்றும் அதே பலனைத் தருகிறது என்று 1993இல் காட்டினார்கள். 2010இல் சர்வதேச வழிகாட்டுதல் நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலிருந்தே தொடங்கச் சொன்னது. மிகக் குறைமாதக் குழந்தைக்கு 30 சதவீதம் போன்ற அளவில் தொடங்கி, மீட்டரைப் பார்த்து மாற்றுகிறார்கள். நலமான குழந்தைக்கே முதல் நிமிடத்தில் செறிவு 60, 65 தான் இருக்கும். 90ஐ எட்டப் பத்து நிமிடம்வரை ஆகலாம். அந்த நேரத்து நீல நிறத்தைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைத் திறந்துவிடக் கூடாது.

நார்த்வே தன் பழைய நோயாளிகளைத் தேடிப்போய் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிறுவயதில் பி.பி.டி. வந்து, இப்போது பதின்பருவத்தையும் இருபதுகளையும் எட்டியிருந்தவர்கள். பெரும்பாலோரின் மூச்சுக்குழாய்களில் அடைப்பு இருந்தது. பலருக்கு அதனால் அன்றாடத் தொல்லை ஏதும் இல்லாததால் அவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஆக்சிஜனில் வாரக்கணக்கில் இருந்து வீடு வந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் வீசிங் வந்தால், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் ஆக்சிஜனில் இருந்தது என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.