அறிமுகக் குறிப்புக்கும் ஆண்டுக் கணக்கு வேண்டும்

கல்லூரியில் இசை கற்பிக்கிற பாடகியை, 'கல்லூரியில் இசை பயிலும் மாணவி' என்று மேடையில் அறிமுகப்படுத்துவதைச் சில சபாக்களில் இன்றும் கேட்கலாம். தொகுப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்றோ அனுப்பிய குறிப்பு சபாவின் கோப்பில் இருந்தது. அதை எடுத்துப் படித்தார், அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க ஆண்டு முழுவதும் ஒரு நோட்டும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரமும் போதும். கச்சேரியோ விருதோ வானொலித் தேர்வு முடிவோ வந்த அன்றே நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, இடம், வழங்கியவர் அல்லது உடன் வாசித்தவர்கள். அழைப்பிதழையும் சான்றிதழையும் படமெடுத்துச் சேர்த்துவைக்க வேண்டும். மார்கழி சீசன் முடிந்து மூச்சு விட நேரம் கிடைக்கும் ஜனவரிக் கடைசியில், நோட்டையும் பழைய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பாடகி 2023-இல் இப்படி எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்: '16 ஆண்டுகளாக இசை பயின்று வரும் இளம் பாடகி. சிசிஆர்டி உதவித்தொகை பெற்றவர். ஆல் இந்தியா ரேடியோவின் பி ஹை கலைஞர். 200-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்.'

'16 ஆண்டுகளாக' என்பது அடுத்த ஆண்டே தப்பாகிவிடும். '2007 முதல்' என்று எழுதினால் என்றைக்கும் சரி. சிசிஆர்டி உதவித்தொகைக்குத் தேர்வு செய்யப்படுபவர்கள் 10 முதல் 14 வயதுக் குழந்தைகள். பெற்றது உண்மைதான் என்றாலும், இன்றைய பாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பி ஹையிலிருந்து ஏ கிரேடுக்கு உயர்ந்துவிட்டால் பழைய கிரேடுக்கு வேலையே இல்லை. சங்கீத நாடக அகாதெமி இளம் கலைஞர்களுக்குத் தரும் யுவ புரஸ்காருக்குக்கூட 40 வயதுதான் எல்லை. 'இளம்' என்ற அடைமொழியையும் ஒருநாள் இறக்கித்தான் ஆக வேண்டும். 200 கச்சேரிகளுக்கு நோட்டில் கணக்கு இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மேடைகளின் பெயரை ஆண்டோடு எழுதலாம்.

எடுத்த வரிகளை அழித்துவிடக் கூடாது. எல்லாம் அடங்கிய முழுப் பட்டியல் ஒன்று தனியே இருக்கட்டும். உதவித்தொகைக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய சான்றுகளைக் கேட்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து மேடையில் படிக்க 50 சொற்களிலும், மலரில் அச்சிட 150 சொற்களிலும் இரண்டு குறிப்புகள் எழுதிக்கொள்ளலாம். புதிதாக ஒரு வரி சேர்ந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அளவு மீறாது.

இரண்டின் அடியிலும் 'ஜனவரி 2026 நிலவரப்படி' என்பதுபோல் மாதமும் ஆண்டும் இருக்கட்டும். பிறகு, பழைய குறிப்பை வைத்திருக்கும் சபாக்களுக்கெல்லாம் புதியதை அனுப்பி, முந்தையதை நீக்கிவிடும்படி கேளுங்கள். அனுப்பாமல் விட்டால், வரும் மார்கழியிலும் பழையதைத்தான் படிப்பார்கள்.