புள்ளிக் குறிப்பில் விடுபட்ட சொற்கள்

மாதக் கூட்டம் முடிந்ததும் செயலாளரின் நோட்டில் மிஞ்சுவது நாலைந்து வரிகள்தான். ஒரு மாடித்தோட்டக் குழுவின் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

- வருகை 19, கணக்கு வாசிப்பு, ஏற்பு
- மாவுப்பூச்சி – வேப்பெண்ணெய் 5 மி.லி. – மாலை
- விதைப் பரிமாற்றம் – முதல் ஞாயிறு – பள்ளி?
- சந்தா – விவாதம் – அடுத்த கூட்டம்

எழுதியவருக்கு இது போதும். கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு இதில் பாதி விளங்காது. 5 மி.லி. எதற்கு? ஒரு லிட்டர் தண்ணீருக்கா, ஒரு வாளிக்கா? கோடு போட்டு எழுதும்போது இந்த மாதிரிச் சொற்கள்தான் முதலில் விழுந்துவிடுகின்றன. வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் அந்த இடைவெளியை நிரப்பியே ஆக வேண்டும். அங்கேதான் ஆபத்து: மடல் தயாரிப்பவர் தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிவிடுவார். பூச்சி பற்றிப் பேசியவரையே கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்: லிட்டருக்கு 5 மி.லி., எண்ணெய் தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. ‘பள்ளி?’ என்பதில் உள்ள கேள்விக்குறியும் அப்படித்தான். இடம் இன்னும் உறுதியாகவில்லை என்றால் மடலிலும் அப்படியே சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு அச்சடித்தால், ஞாயிறு காலை பூட்டிய பள்ளி வாசலில் நாலு பேர் விதைப் பொட்டலத்தோடு நிற்பார்கள்.

கூட்டம் நடந்த வரிசையும் மடலுக்கு ஒத்துவராது. வருகையும் கணக்கும் முதலில் நடந்தவை. ஆனால் படிப்பவருக்கு முதலில் வேண்டியது மாவுப்பூச்சி. அதைத் தலைப்புச் செய்தியாக்கி, விதைப் பரிமாற்றத்தை அடுத்து வைத்து, வருகை, கணக்கு, சந்தா மூன்றையும் கடைசியில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிவிடலாம். தீர்மானங்கள் முறைப்படி நடவடிக்கைக் குறிப்பேட்டில் தனியாக இருக்கட்டும். மடல் அதற்கு மாற்றாகாது.

இனி பக்கம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 15 மி.மீ. ஓரம் விட்டு, நடுவே 8 மி.மீ. இடைவெளி வைத்தால் இரண்டு பத்திகளும் ஆளுக்கு 86 மி.மீ. கிடைக்கும். 11 பாயிண்ட் எழுத்தில் வரிக்கு நாலைந்து சொல் உட்காரும். ஆசைப்பட்டு மூன்று பத்தியாக்கினால் ஒன்றுக்கு ஏறக்குறைய 55 மி.மீ.தான். ‘ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது’ போல ஒரு சொல் வந்தால் வரியில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். நீளச் சொல்லைத் தானாக உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் வசதி தமிழுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் இரு ஓரமும் நேராக நிற்கும்படி அமைத்தால் சொற்களுக்கு நடுவே வெள்ளைப் பள்ளங்கள் விழும். தமிழ் மடலுக்கு இரண்டு பத்தியும் இடப்பக்கச் சீரமைப்பும்தான் பொருத்தம்.

வேர்டில் புதிதாக மடல் செய்கிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் தலைப்பு. முழுக் கோப்பையும் இரண்டு பத்தியாக்கினால் தலைப்பும் ஒரு பத்திக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். தலைப்பை விட்டுவிட்டு, கீழே உள்ள செய்தியை மட்டும் தேர்ந்தெடுத்து Layout > Columns > Two கொடுத்தால் தலைப்பு பக்கம் முழுவதும் விரிந்து நிற்கும்.

மேற்கோள் பெட்டிதான் பக்கத்துக்கு உயிர் கொடுப்பது. ஆனால் மேலே உள்ள குறிப்பிலிருந்து அதை எடுக்கவே முடியாது. ஒருவர் பேசிய வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. கூட்டத்திலேயே, காதில் தைத்த ஒரு வாக்கியத்தையாவது சொன்னபடியே எழுதி, மேற்கோள் குறி போட்டு, பெயரையும் குறித்துவைக்க வேண்டும். ‘இலைய அன்னைக்கே திருப்பிப் பாத்திருந்தா மருந்தே தேவப்பட்டிருக்காது’ என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரி போதும். பேச்சு வழக்கிலேயே போடலாம், எழுத்து வழக்குக்கும் மாற்றலாம். எதுவானாலும் செய்திக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நினைவிலிருந்து கட்டிய வாக்கியத்துக்கு மேற்கோள் குறி போடுவது சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவது.

பெட்டியைப் போட Insert > Text Box. எழுத்து 16 பாயிண்ட், மேலும் கீழும் மெல்லிய கோடு, பத்து பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். Wrap Text பட்டியலில் Square வைத்தால், பெட்டி பத்தியைவிடக் குறுகலாக இருக்கும்போது செய்தி பக்கவாட்டில் வழிந்து வரிக்கு ஒரு சொல்லாக ஒடுங்கிவிடும். Top and Bottom வைத்து, பெட்டியைப் பத்தியின் அகலத்துக்கே இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதே வாக்கியம் செய்தியில் வரும் இடத்துக்கு ஒட்டி வைத்தால் திரும்பச் சொன்னது போலிருக்கும். ஒரு பாரா தள்ளி வைக்க வேண்டும். பெட்டி ஏதாவது ஒரு பாராவோடு கட்டப்பட்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கடைசி நேரத்தில் இடம் போதாமல் அந்தப் பாராவை முழுதாக நீக்கினால் பெட்டியும் கூடவே போய்விடும். அச்சுக்கு அனுப்புமுன் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்ப்பது இதற்காகத்தான்.

உறுப்பினர்கள் மடலை வாட்ஸ்அப்பில்தான் படிப்பார்கள் என்றால் கணக்கு மாறுகிறது. ஏ4 இரட்டைப் பத்தி போனில் பொடி எழுத்தாகிவிடும். பெரிதாக்கிப் படிப்பவர் முதல் பத்தியின் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி இரண்டாவது பத்தியைத் தேட வேண்டும். அவர்களுக்கு அதே செய்தியை ஏ5 அளவில், ஒற்றைப் பத்தியில், அதே மேற்கோள் பெட்டியோடு இன்னொரு பிடிஎஃப்பாக அனுப்பலாம்.