இலவச ரிவ்யூவுக்கு ஆகும் செலவு

ஒரு சிறிய கிளினிக். ஒரே டாக்டர். ஃபீஸ் எல்லோருக்கும் 200 ரூபாய். ஐந்து நாளுக்குள் திரும்பி வந்தால் ரிவ்யூவுக்குக் காசில்லை. நம் ஊர்களில் பரவலாக உள்ள வழக்கம்தான். மாதச் செலவு 1,54,000 ரூபாய், வந்தவர்கள் 800 பேர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் தலைக்கு 192 ரூபாய் 50 காசு. 200 வாங்கினால் கட்டுப்படியாகும் என்றே தோன்றும். ஆனால் மாதக் கடைசியில் கல்லாவில் துண்டு விழுகிறது.

காரணம், எல்லோரும் டாக்டரின் நேரத்தை ஒரே அளவில் எடுத்துக்கொள்வதில்லை. ரிவ்யூ ஐந்து நிமிடத்தில் முடியும். காய்ச்சல், சளிக்குப் பத்து நிமிடம். சுகர், பிரஷர்காரர்களுக்குப் பதினைந்து. காயத்துக்குத் தையல் போட இருபது. ரிவ்யூவை 1 என்று வைத்தால் மற்றவை 2, 3, 4. இதுதான் நேர எடை.

அந்த மாதம் ரிவ்யூவுக்கு 250 பேர், காய்ச்சலுக்கு 425, சுகருக்கு 100, தையலுக்கு 25 பேர் வந்தார்கள். ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் 1,500. செலவில் 90,000 டாக்டரின் நேரத்துக்கு. சொந்த கிளினிக்காக இருந்தாலும் இதை எழுதியே ஆக வேண்டும். தன் இடத்தில் வேறொரு டாக்டரை உட்காரவைத்தால் என்ன சம்பளம் தருவோமோ அந்தத் தொகை. அதை 1,500-ஆல் வகுத்தால் ஓர் எடைக்கு 60 ரூபாய். வாடகை, நர்ஸ், கரண்ட் என்று மீதமுள்ள 64,000-ஐ 800 பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 80.

இப்போது ரிவ்யூவின் செலவு 140, காய்ச்சலுக்கு 200, சுகருக்கு 260, தையலுக்கு 320. காய்ச்சல்காரர் தந்த ஃபீஸ் அவர் செலவுக்குச் சரியாகப் போய்விட்டது. சுகரில் 6,000, தையலில் 3,000 நஷ்டம். இலவச ரிவ்யூவில் மட்டும் 35,000! ஆக மொத்தம் துண்டு 44,000.

எடைகள் சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. 1,500 எடை, எடைக்கு ஐந்து நிமிடம் என்றால் 125 மணி நேரம். டாக்டர் உட்கார்ந்தது 25 நாள், நாளுக்கு ஆறு மணி, அதாவது 150 மணி நேரம். கணக்கில் 150-க்கு மேல் வந்திருந்தால் எடையைக் கூட்டிப் போட்டிருக்கிறோம் என்று பொருள். இங்கே 25 மணி நேரம் ஆளில்லாமல் போயிருக்கிறது. அதன் விலை 15,000. மேலே வந்த 60 ரூபாயில் இதுவும் கலந்திருக்கிறது. 150 மணி நேரத்துக்கும் பிரித்தால் ஓர் எடைக்கு 50 ரூபாய்தான். காலி நேரத்தையும் நோயாளி தலையில் கட்டினால், கூட்டம் குறையக் குறைய ஃபீஸ் ஏறும். ஃபீஸ் ஏறினால் கூட்டம் இன்னும் குறையும்.

எடையை மட்டும் நினைவிலிருந்து போடாதீர்கள். ஒரு வாரம் ஒவ்வொரு டோக்கனிலும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஃபீஸை மாற்றுவதை அதன்பிறகு யோசிக்கலாம்.