ஏழு கட்டமும் ஒரு ஹெட் மசாஜும்

பத்துக் கட்டம் அச்சடித்த சின்ன அட்டை. காபி வாங்கும்போதெல்லாம் ஒரு முத்திரை. பத்தும் நிறைந்தால் அடுத்த காபிக்குக் காசு வேண்டாம். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காபிக் கடை ஒன்றில் இப்படியோர் அட்டையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ரான் கிவெட்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்கள் இருவரும் அதை 2006-இல் வெளியிட்டார்கள். அட்டையில் முத்திரை ஏற ஏற, ஒரு காபிக்கும் அடுத்த காபிக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கட்டங்களை எட்டியவர்கள் தொடக்கத்தில் வந்ததைவிட அடிக்கடி வந்தார்கள்.

அதே அட்டையை நம் ஊர் சலூன் ஒன்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முடி வெட்டிக்கொள்ள ஒருவர் 35 நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முத்திரைக்கும் பத்தாவது முத்திரைக்கும் இடையே 315 நாள் ஓடிவிடும். அதற்குள் அட்டை சட்டைப்பையோடு துவைக்கப்பட்டிருக்கும், அல்லது பர்ஸ் மாறியிருக்கும். காபிக் கடையில் இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற கணக்கு, சலூனில் ஏறக்குறைய ஒரு வருடக் கணக்கு. அதனால் சலூன்காரருக்கு இரண்டு கேள்விகள் முளைக்கின்றன. எத்தனை கட்டம் வைப்பது? அந்தக் கணக்கை எங்கே வைத்திருப்பது?

முதல் கேள்விக்கு ஒரு கார் கழுவும் நிலையம் பதில் வைத்திருக்கிறது. ஜோசப் நூனஸ், சேவியர் த்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே 300 அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாமே காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தித் தந்திருந்தார்கள். யாராக இருந்தாலும் எட்டு முறை காரைக் கழுவினால்தான் ஒன்று இலவசம். ஆனாலும் காலி அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதத்தினரே கடைசிவரை வந்தார்கள். இரண்டு கட்டம் நிறைந்த அட்டை பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். தொடங்கிவிட்ட வேலையைப் பாதியில் விட மனம் வருவதில்லை. கொலம்பியாவின் காபி அட்டையிலும் இதே விளைவு தெரிந்தது. பத்துக் காலிக் கட்டம் கிடைத்தவர்களைவிட, இரண்டு நிறைந்த பன்னிரண்டு கட்டம் கிடைத்தவர்கள் முன்னதாகவே முடித்தார்கள்.

சலூனுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய வடிவம் ஏழு கட்டம். சேரும் அன்றே இரண்டைக் கடை நிரப்பித் தருகிறது. மீதி ஐந்தை வாடிக்கையாளர் ஐந்து முறை வந்து நிரப்புகிறார். முதல் வருகையிலிருந்து ஐந்தாவது வருகைக்கு 140 நாள். ஐந்து மாதத்துக்குள் பலன் கைக்கு வருகிறது என்றால் ஆள் நினைவில் வைத்திருப்பார்.

என்ன தருவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். உடனே தோன்றுவது, 'ஐந்து கட்டிங்குக்கு ஆறாவது இலவசம்.' கட்டிங் 200 ரூபாய் என்று வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அட்டை இல்லாதபோது 35 நாளுக்கு ஒருமுறை வந்தவர் வருடத்துக்குச் சுமார் 10 முறை வருவார், 2,000 ரூபாய். அட்டையின் ஈர்ப்பில் அவர் 31 நாளுக்கு ஒருமுறை வரத் தொடங்கினால் வருடத்துக்குச் சுமார் 12 முறை. அதில் இரண்டு இலவசம். கடைக்குக் கிடைப்பது அதே 2,000 ரூபாய், ஆனால் கத்தரி பிடிப்பவருக்கு இரண்டு தலை கூடுதல் வேலை. திட்டம் நன்றாக வேலை செய்தும் கல்லாவில் ஒரு ரூபாய் கூடவில்லை.

இதையே மாற்றி, ஐந்தாவது கட்டிங்கோடு ஒரு ஹெட் மசாஜ் இலவசம் என்று வைத்தால் கதை வேறு. 12 கட்டிங்குக்கும் காசு வருகிறது; 2,400 ரூபாய். விலைப் பலகையில் 100 ரூபாய் என்று எழுதியிருக்கும் மசாஜ், வாங்குபவருக்கு 100 ரூபாய்ப் பொருள்தான். கடைக்கு அது பத்து நிமிடமும் கொஞ்சம் எண்ணெயும். அவர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை இலவசமாக்காமல், இதுவரை வாங்காத ஒன்றைத் தொட்டுக் காட்டுவது நல்லது. பிடித்துப்போனால் அடுத்த முறை அவரே, "மசாஜும் போட்டுடுங்கண்ணே" என்பார். ஒவ்வொரு முறையும் மசாஜ் செய்துகொள்ளும் வாடிக்கையாளர்கள் நிறைந்த கடைக்கு இது பொருந்தாது. அங்கே வேறொரு சின்ன வேலையைத் தேட வேண்டும்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலிக்கு ஆள் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடம் விலை உயர்ந்தது. செவ்வாயன்று தமிழ்நாட்டில் பல சலூன்கள் திறப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை முடி வெட்டுவதைப் பலர் தவிர்ப்பார்கள். ஆகவே இலவச மசாஜைத் திங்கள், புதன், வியாழன் என்று வைத்தால் காலி நாற்காலியே பரிசைச் சுமந்துகொள்ளும். பெண்களுக்கான பியூட்டி பார்லரில் இதே இடம் ஆடி மாதத்துக்கு. கல்யாணம் இல்லாத மாதம், மணப்பெண் அலங்கார வேலை கிடையாது. அந்த ஒரு மாதம் வருகைக்கு இரண்டு கட்டம் என்று அறிவிக்கலாம்.

இனி கணக்கேடு. அச்சடித்த அட்டை தொலையும். செயலி வாங்கினால் மாதச் சந்தா. ஒற்றை சலூனுக்கு, ஏற்கெனவே இருக்கும் முகநூல் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மெசேஜ் பெட்டியே போதும். நடைமுறை இப்படி இருக்கும். காசு கொடுக்கும்போது வாடிக்கையாளர் தன் போனிலிருந்து கடையின் பக்கத்துக்கு 'வந்தேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்புகிறார். கூடவே, கல்லாவுக்கு மேலே அன்றைக்கு எழுதிப் போட்டிருக்கும் சொல்லையும் சேர்க்கிறார்: இன்று 'மல்லி', நாளை 'தாழம்பூ'. கடைக்காரர் 'நான்கு முடிந்தது, இன்னும் மூன்று' என்று பதில் போடுகிறார். அந்த உரையாடலே அட்டை. தேதியும் நேரமும் தாமாகப் பதிகின்றன. இரண்டு போன்களிலும் ஒரே கணக்கு நிற்கிறது. "எனக்கு ஆறு ஆச்சேண்ணே" என்று ஒருவர் சொன்னால், விரலால் மேலே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தினம் மாறும் சொல் எதற்கு என்றால், வீட்டில் உட்கார்ந்து 'வந்தேன்' அனுப்புகிறவர்களைத் தடுக்க. மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவசக் கருவியில் ஒவ்வொருவர் உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம், குறிப்பு எழுதலாம். 'ஆறு' என்ற லேபிளைத் தட்டினால், இன்னும் ஒரு வருகையில் முடிக்கப்போகிறவர்கள் வரிசையாக வருவார்கள். புதிதாக எழுதுகிறவரின் மெசேஜ் சில சமயம் Requests என்ற தனிப் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் தினமும் திறந்து பார்க்காவிட்டால், சேர்ந்த முதல் நாளே ஒருவருக்குப் பதில் கிடைக்காமல் போகும். கணக்கு முடங்கினாலோ யாராவது திருடிவிட்டாலோ ஏடு முழுவதும் போய்விடும் என்பதால், மாதக் கடைசியில் பெயரையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவருக்கும் அந்த நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். முப்பது வருடமாக வருகிற தாத்தாவை விட்டுவிட்டு, நேற்று வந்த கல்லூரிப் பையனுக்கு மட்டும் மசாஜ் என்றால் அது கடைக்கு அழகில்லை.

அறிவிப்பு ஒரே போஸ்டாக இருந்து, பக்கத்தின் உச்சியில் 'பின்' செய்யப்பட்டிருக்க வேண்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஹைலைட்டில் சேர்த்தால்தான் தங்கும். எந்த வேலைக்குக் கட்டம் விழும், தாடி மட்டும் செய்தால் உண்டா, எந்தெந்தக் கிழமையில் பரிசு, எந்தத் தேதிவரை செல்லும் என்பவை அந்த போஸ்டில் இருக்க வேண்டும். தாடிக்கும் ஒரு கட்டம் என்று விட்டுவிட்டால், வாரம் ஒருமுறை தாடி செதுக்க வருகிறவர் ஒரு மாதத்தில் முடித்துவிடுவார். பெரிய நிறுவனமே இதில் சிக்கியிருக்கிறது. அமெரிக்க ஸ்டார்பக்ஸில் முன்பு ஒரு முறை பில் போட்டால் ஒரு நட்சத்திரம், 12 சேர்ந்தால் ஒன்று இலவசம். அதனால் நான்கு பொருளை நான்கு பில்லாகப் போடச் சொன்னவர்கள் உண்டு, வரிசை நீண்டது. 2016-இல் நிறுவனம் முறையை மாற்றி, செலவழிக்கும் ஒரு டாலருக்கு இரண்டு நட்சத்திரம், 125 சேர்ந்தால் ஒன்று என்றது. சின்னக் காபி மட்டும் குடித்துவந்தவர்களுக்கு அது இழப்பு. கோபம் வெளிப்படையாகவே வந்தது. சலூனுக்கு எளிய விதி: கட்டிங் செய்தால் கட்டம், நாளொன்றுக்கு ஒன்றுதான்.

பக்கத்தைப் பிரபலமாக்கும் ஆசையில் 'லைக் போட்டால் ஒரு கட்டம், ஷேர் செய்தால் இரண்டு' என்று எழுதுவது பெரும் சறுக்கல். முகநூலின் விதிப்படி, சொந்த டைம்லைனில் பகிர்வதையோ நண்பர்களை டேக் செய்வதையோ பரிசுக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. பக்கத்துக்கு லைக் போட வைத்துப் பலன் தருவதற்கு எதிரான விதி 2014-இலேயே வந்துவிட்டது. கூகுளில் விமர்சனம் எழுதினால் பரிசு என்பதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முகநூல் பக்கத்திலிருந்து அவருக்கு விளம்பர மெசேஜ் அனுப்பவும் விதி இடம் தராது. அதனால் 'உங்களுக்கு இன்னும் ஒரு கட்டம்தான்' என்ற நினைவூட்டலைப் பொதுவான ஸ்டோரியில் போட வேண்டும். அல்லது அவர் நாற்காலியில் இருக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதுதான் பலிக்கும்.

பரிசு வாங்கியவுடன் வேகம் தணியும் என்பதையும் கொலம்பியா ஆய்வு கண்டது. அடுத்த அட்டையின் முதல் கட்டங்களில் வாடிக்கையாளர்கள் மறுபடி மெதுவாகத்தான் வந்தார்கள். ஆகவே மசாஜ் முடிந்த நிமிடமே 'புது அட்டை, இரண்டு நிறைந்தது' என்று பதில் அனுப்பிவிடுவது நல்லது.

திட்டம் பலித்ததா என்பதைப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை சொல்லாது. ஆறு மாதம் கழித்து, நிரந்தரமாக வருகிற முப்பது பேரின் உரையாடலைத் திறந்து, ஒரு 'வந்தேன்'-க்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் என்று நோட்டில் எழுதிக் கூட்டி வகுக்க வேண்டும். திட்டத்துக்கு முன்பு எத்தனை நாள் என்பது தெரிந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே கல்லாவில் பெயரையும் தேதியையும் குறித்து வர வேண்டும். 35 நாள் 31 ஆகியிருந்தால் தொடரலாம். இடைவெளி குறையாவிட்டாலும், வேறு சலூனுக்குப் போயிருக்கக் கூடியவர்கள் தங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முன்பு குறித்த பெயர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்பதை நோட்டே காட்டும். இரண்டும் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தும்போது இரண்டு மாதம் முன்பே பின் செய்த போஸ்டில் கடைசித் தேதியைப் போட்டு, ஐந்து, ஆறு கட்டத்தில் நிற்பவர்களுக்கு அந்தத் தேதிக்குள் எந்தக் கிழமை வந்தாலும் மசாஜ் என்று எழுதிவிட வேண்டும்.