அடி விழுந்ததும் நின்றுவிடுகிறதே!

இரவு எட்டரை மணி. ஏழு வயதுப் பையன் கூடத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறான். "போனை வைடா, சாப்பிட வா" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார். அசைவில்லை. இரண்டாம் முறை கூப்பிடுகிறார். மூன்றாம் முறை குரல் உயர்கிறது. "ஒரே ஒரு கேம்மா" என்ற சிணுங்கல் மட்டும் வருகிறது. நான்காம் முறை அம்மாவே வந்து முதுகில் ஓர் அடி வைக்கிறார். கைபேசி கீழே வைக்கப்படுகிறது. பையன் அழுதுகொண்டே தட்டின் முன் உட்காருகிறான்.

அடி வேலை செய்துவிட்டது போலத்தான் தெரிகிறது. அந்தக் கணத்தில் அது உண்மையும்கூட. அடி உடனே நிறுத்தும் என்பதில் ஆய்வாளர்களுக்கு மறுப்பில்லை. மறுநாள் எட்டரை மணிக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதற்கு முதல் விடை இருக்கிறது. நெம்புகோலை அழுத்தினால் தீனி கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கினார். பிறகு தீனியை நிறுத்தினார். சில எலிகளுக்கு மட்டும், முதல் சில முறை அழுத்தும்போது நெம்புகோலே திருப்பி அடித்தது. அடி வாங்கிய எலிகள் சட்டென்று அடங்கின. அடி நின்றதும் மறுபடி அழுத்தத் தொடங்கின. கடைசியில் கணக்குப் பார்த்தால், அடி வாங்கியவையும் வாங்காதவையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் அழுத்தியிருந்தன. தண்டனை பழக்கத்தை அழிக்கவில்லை, தள்ளிப்போட்டது.

தண்டனையால் ஒரு நடத்தையை அடியோடு நிறுத்தவே முடியாதா? ஆய்வகத்தில் முடியும் என்று 1960களில் அஸ்ரின், ஹோல்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். ஆனால் அதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. தவறு நடந்த நொடியிலேயே தண்டனை வரவேண்டும். ஒவ்வொரு முறையும் தவறாமல் வரவேண்டும். முதல் முறையே உச்ச வேகத்தில் வரவேண்டும். எந்த வீட்டிலும் இது நடக்காது, நடக்கவும் கூடாது. வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அப்பாவின் மனநிலையைப் பொறுத்து ஒரு நாள் அடி, இன்னொரு நாள் சிரிப்பு. முதலில் ஒரு கிள்ளு, பிறகு ஓர் அறை, பிறகு பெல்ட். மெல்ல மெல்லக் கூட்டப்படும் வலிக்கு உயிர்கள் பழகிப்போகும் என்பதும் அந்தக் காலத்துச் சோதனைகள் காட்டியதுதான். "எவ்வளவு அடிச்சாலும் இவனுக்கு உறைக்கவே இல்லை" என்று பெற்றோர் அலுத்துக்கொள்வது இதனால்தான். உறைக்காமல் இருக்க அவனைப் பழக்கியதே அந்தப் படிப்படியான அடிதான்.

பலன் இல்லாவிட்டாலும் ஏன் கை ஓங்குகிறோம்? ஓரிகன் மாநிலத்தில் பல ஆண்டுகள் குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கவனித்த ஜெரால்டு பேட்டர்சன் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். ஒரு செயலின் விளைவாக நமக்கு இதம் கிடைத்தால் அந்தச் செயல் வலுப்படும். பிடித்த ஒன்று கிடைப்பது மட்டுமல்ல, பிடிக்காத ஒன்று விலகுவதும் இதம்தான். பையன் சிணுங்குகிறான், அம்மா களைத்துப்போய் "சரி, அஞ்சு நிமிஷம்" என்கிறார். அவனுக்குத் தொல்லை விலகியது, ஆகவே சிணுங்கல் வலுப்பட்டது. இன்னொரு நாள் அம்மா அடிக்கிறார், சிணுங்கல் நிற்கிறது. அம்மாவுக்குத் தொல்லை விலகியது, ஆகவே அடி வலுப்பட்டது. அடிப்பவர்தான் இங்கே அதிகம் கற்றுக்கொள்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டே போக, சிணுங்கல் கத்தலாகிறது, கத்தல் பொருளை வீசுவதாகிறது, அடியும் கூடவே ஏறுகிறது.

இன்னொரு விளைவு பெற்றோரின் கண்ணுக்கே படாது. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். ஒன்றில் சின்னத் தவறுக்கும் பிரம்படி, அறை, கிள்ளு. மற்றதில் கண்டிப்பு உண்டு, அடி இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையை மறைத்துவைத்து, "நான் வரும்வரை எட்டிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். எட்டிப் பார்த்தவர்கள் இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர். ஆனால் அடி விழும் பள்ளியில், எட்டிப் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். அதைப் பிடிபடாமல் காப்பாற்றும் சாமர்த்தியமும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. அடிக்கும் வீட்டில் தவறு குறைந்திருப்பதாகத் தோன்றினால், மறைப்பது கூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சரி, அந்தப் பையனை என்ன செய்வது? யேல் பல்கலைக்கழகத்தில் ஆலன் காஸ்டின் பெற்றோருக்குக் கற்றுத்தந்த வழி, எது வேண்டாம் என்பதை விட்டுவிட்டு எது வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. இங்கே வேண்டியது, ஒரு முறை சொன்னதும் போனை வைப்பது. எட்டேகாலுக்கே பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, "இன்னும் கால் மணி நேரம்" என்று சொல்லலாம். எட்டரைக்கும் அடுப்படியிலிருந்து கத்தாமல் அருகிலிருந்தே ஒரு முறை சொல்லலாம். வைத்தானா? அந்த நொடியே, "சொன்னதும் வெச்சுட்டியே கண்ணா" என்று, எதைச் செய்தான் என்பதைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட இது வேலை செய்யும். முதல் நாட்களில் இரண்டு நிமிடம் தாமதித்து வைத்தாலும் பாராட்டு உண்டு. பிறகு மெல்ல நேரத்தைக் குறைக்கலாம். பகலில் இருவரும் சிரித்த முகமாக இருக்கும்போது இதையே விளையாட்டாக ஒத்திகை பார்ப்பதும் உதவும். வைக்கவில்லை என்றால், மறுநாள் மாலை போன் கிடையாது. முன்பே சொல்லி வைத்த, சின்ன, கோபமில்லாத இழப்பு. ஒரு வாரத்துக்குப் பிடுங்கிவைத்தால், அந்த வாரம் முழுக்க அவன் சரியாக நடக்க வாய்ப்பே இல்லாமல் போகும்.

ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். சிணுங்கலுக்கு மசியாமல் இருக்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் சிணுங்கல் குறையாது, கூடும். இதுவரை பலன் தந்த வழி பலன் தராதபோது இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு. அந்த உச்சத்தில் தாத்தா பரிதாபப்பட்டுப் போனை நீட்டினால், போதுமான நேரம் கத்தினால் கிடைக்கும் என்ற பாடம்தான் பதியும். எப்போதாவது பலிக்கும் பழக்கமே எளிதில் போகாத பழக்கம். எனவே தொடங்குமுன் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பேசி ஒத்துக்கொள்வது முக்கியம். தினமும் எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது என்று காலண்டரில் குறித்து வாருங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த எண் இறங்கவில்லை என்றால், பாராட்டு தாமதமாகிறதா, யாராவது இடையில் இளகுகிறார்களா என்று பாருங்கள்.

வெகுமதிக்கும் எல்லை உண்டு. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் லெப்பரும் நண்பர்களும், ஆசையாகப் படம் வரையும் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. பிள்ளை விரும்பிச் செய்வதற்குப் பரிசு வைக்காதீர்கள். கத்துகிறவனை அடக்க மிட்டாய் கொடுப்பதும் வெகுமதி அல்ல, கத்தலுக்குக் கூலி.

அடித்து வளர்க்கப்பட்ட குழந்தைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இருப்பதை எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் 2016இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். முரட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் அடி வாங்குகிறார்களோ என்ற கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் இருந்த முரட்டுத்தனத்தைக் கணக்கில் கழித்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி வாங்கியவர்களின் நிலைமை மோசமாகத்தான் போனது.

ஸ்வீடன் 1979இலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆசிரியர் கையைத் தடுக்கிறது. வீட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும்.