கொடியை அளந்த பிறகு அட்டவணை போட்டார்கள்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில், இஞ்சிவிளைக்குச் சற்று உள்ளே இருக்கிறது அந்த வீடு. வீட்டில் ஐந்து பேர். குடும்பத்தலைவர் ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் தோட்டத்தில் இருப்பார். மனைவிக்கு நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் வேலை. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. ஒன்பதாம் வகுப்பில் மகன், ஏழாம் வகுப்பில் மகள். பிறகு பாட்டி.

போன ஆடி மாதம் வரை ஐந்து பேர் துணியையும் துவைத்தவர் பாட்டிதான். பாசி பிடித்த அலக்குக்கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் போட்டு உட்கார்ந்த மூன்று வாரத்தில் வீட்டில் அழுக்குத்துணி மலையாகக் குவிந்தது. பள்ளிச் சட்டையில் கரிம்பன் விழுந்து, வகுப்பாசிரியர் கேட்கும்படி ஆயிற்று.

அப்போதுதான் மருமகள் துணிகளை எண்ணிப் பார்த்தார். உள்ளாடை, கைக்குட்டை நீங்கலாக வாரத்துக்கு 58 உருப்படி. முற்றத்தில் 15 அடிக் கொடி இரண்டு. ஓர் உருப்படி காற்றுப்பட விரிய இரண்டடியாவது வேண்டும். ஆக, ஒரு தடவைக்கு 15 உருப்படிதான் காயும். எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினால், துவைத்தது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நாறும். எத்தனை துவைக்க முடியும் என்பதல்ல, எத்தனை உலரும் என்பதே கணக்கு என்று கண்டுகொண்டார். வாரத்தில் நான்கு நாள் பிரித்தார்கள்.

செவ்வாய் மாலை, பிள்ளைகளின் திங்கள், செவ்வாய் சீருடைகள். ஆளுக்கு மூன்று ஜோடி இருப்பதால் புதன்கிழமைக்கு மூன்றாவது ஜோடி. துவைத்தவை வியாழன் காலைக்குள் உலர்ந்தால் போதும். வியாழன் மாலை பெண்களின் சேலை, நைட்டி. சனிக்கிழமை மீதிச் சீருடைகள். ஞாயிறு காலை வெள்ளைத் துணியும் லுங்கிகளும். போர்வை விரிப்புகள் இந்தக் கணக்கில் வராது. மழையில்லாத ஞாயிறு பிற்பகலில் மட்டும்.

அடுத்தது கூடைகள். பின்திண்ணையில் பனையோலைக் கடவம் மூன்று: ஒன்று வெள்ளைக்கு, ஒன்று நிறத்துணிக்கு, ஒன்று சாயம் போகும் புதுத்துணிக்கு. கடவத்துக்கு மேலே ஒரு சிறு கயிறு. வியர்வையில் நனைந்த சட்டையை முதலில் அதில் போட்டு, ஈரம் போன பிறகே கடவத்தில் இட வேண்டும். ஈரத்தோடு கடவத்தில் இரண்டு நாள் கிடந்தால் கரும்புள்ளி விழும்; பிறகு எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதும் போகாது.

நான்காவது கூடை கிடையாது, பக்கெட்தான், அது பால்வெட்டுக்காரருடையது. ரப்பர் பால் பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில் உடனே அலசினால் போய்விடும். உலர்ந்துவிட்டாலோ அது பால் அல்ல, ரப்பர், சோப்புக்கு மசியாது. அதனால் வெட்டுக்கென்று இரண்டு பழைய ஜோடி, வேறு துணியோடு சேர்க்காமல். தோட்டத்திலிருந்து வந்ததும் அவரே அலசிப் பின்பக்கம் காயப்போடுகிறார். அது 58-இல் சேராது. “ஆம்பளை துணி அலக்குறதப் பாத்து வழியில போறவங்க சிரிச்சாங்க. சிரிச்சவங்க யாரும் வந்து அலக்கித் தரலையே” என்றார் என்னிடம்.

கிணற்றில் நீர் இறைப்பதும் ஊறவைப்பதும் மகன் வேலை. அடித்து அலசுவது தாயும் தகப்பனும் மாறி மாறி. கொடியில் விரிப்பது மகள். காலையில் திண்ணைத் துணியை முற்றத்துக்கு மாற்றுவதும், மழை மேகம் கண்டால் எடுப்பதும் பாட்டி. கல்லின் பக்கம் அவர் போகக்கூடாது என்று கட்டளை; வாரம் ஒருமுறை சுண்ணாம்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பாசி நீக்குவது மகன் பொறுப்பு.

ஆரம்பத்தில் ஒரு தவறும் நடந்தது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாளே வெள்ளை முண்டுகளை நனைத்தார்கள். எல்லாம் மஞ்சளித்தது. இரும்புச் சத்துள்ள கிணற்று நீரில் அந்தப் பவுடர் விழுந்தால் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வெளிப்படும்; அது நூலில் ஏறிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்ததில் பாதிதான் போயிற்று. இப்போது துரு அடியில் படியும்வரை இரண்டு மூன்று நாள் வெள்ளையை ஒத்திவைக்கிறார்கள்.

பாலராமபுரம் கைத்தறியில் நெய்த கசவு நேரியதை மட்டும் மாமியார் மருமகளிடம்கூடத் தருவதில்லை. தனி நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்தி, நீர்த்த கஞ்சி ஏற்றுவது அவர் கை.

இடவப்பாதியிலும் துலாமழையிலும் இந்த அட்டவணை தள்ளாடத்தான் செய்கிறது. முற்றக் கொடி உதவாது. திண்ணையில் எட்டு உருப்படி மட்டும். அப்போது சீருடைக்கு முதலிடம், சேலைகள் காத்திருக்கும். உலர்ந்ததா என்று பார்க்கக் காலரையும் இடுப்புப்பட்டியையும் கன்னத்தில் வைக்கிறாள் மகள். குளிர்ந்தால் உள்ளே ஈரம். நான் போயிருந்த செவ்வாய் மாலை தூறல். “மக்களே, சட்டைய மறிச்சுப் போடு, பாக்கெட்டு காயல்ல” என்று திண்ணையிலிருந்து பாட்டி குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.