நம் முகத்தை நாமே பார்க்காதிருக்க

இரண்டு மணி நேரம் ஓடும் ஜூம் கூட்டத்தில் பேசுபவரைப் பார்க்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். கண் அடிக்கடி போய் நிற்பதோ திரையின் ஒரு மூலையில் தெரியும் நம் முகத்தில். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவோம், தோளில் புடவையைச் சரிசெய்வோம், முகம் ஏன் இவ்வளவு வாடித் தெரிகிறது என்று யோசிப்போம். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

இது கவனக்குறைவு என்று யாரும் தன்னைக் கடிந்துகொள்ள வேண்டாம். கண்ணாடி முன்னால் உட்காரவைத்தால் மனிதர்கள் தங்களைத் தாங்களே எடைபோடத் தொடங்குகிறார்கள் என்பதை, 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க உளவியலாளர்கள் டூவாலும் விக்லண்டும் எழுதிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், வீடியோ கூட்டங்கள் களைப்பைத் தருவதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். நம் முகத்தை நாமே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றுள் ஒன்று. நேரில் நடக்கும் கூட்டத்தில் நமக்கு எதிரே யாரும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லையே! அவருடைய குழுவினர் பின்னர் நடத்திய ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களுக்கே களைப்பு கூடுதலாக இருந்தது. தன் முகத்தையே பார்க்க நேர்வதும் அதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

இதற்கு வழி ஜூமிலேயே இருக்கிறது. கணினியில் உங்கள் முகம் தெரியும் கட்டத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் மூன்று புள்ளிகள் தெரியும். அவற்றைச் சொடுக்கி, Hide Self View என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முகம் உங்கள் திரையிலிருந்து மட்டும் மறையும். மற்றவர்களுக்கு நீங்கள் எப்போதும்போலத் தெரிவீர்கள். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். கேமரா அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடவோ, நடுவில் எழுந்துபோய் யாரிடமாவது பேசவோ தொடங்கிவிடுகிறார்கள். முகத்தை மறைத்தபின் கேமரா இயங்குகிறதா என்பதைக் கீழேயுள்ள கேமராக் குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் மட்டுமே அணைந்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே கூட்டம் தொடங்கும்போது முகத்தைக் காட்டவிட்டு, தலை சட்டத்துக்குள் இருக்கிறதா, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மறைப்பதே முறை. ஜன்னலோரம் உட்காருபவர்கள் கூட்டம் மாலைவரை நீண்டால் இடையில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் சாய்ந்தால் முகம் இருட்டிவிடும், அது நமக்குத் தெரியாது.

கவனத்தைக் கலைக்கும் இன்னொன்று, வீடியோ இல்லாதவர்களின் கறுப்புக் கட்டங்கள். 31 பேர் கூட்டம், நீங்கள் உட்பட 9 பேர் மட்டும் கேமராவைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 25 கட்டங்கள் என்றால் வரிசைக்கு ஐந்து. பாதிக்கும் மேல் வெறும் பெயர்கள். யாராவது உள்ளே வந்தாலும் வெளியேறினாலும் கட்டங்கள் இடம் மாறும், கண்ணும் அங்கே ஓடும். அப்படி ஒரு கறுப்புக் கட்டத்தின் மூன்று புள்ளிகளைச் சொடுக்கி Hide Non-Video Participants என்று கொடுத்தால் 22 கட்டங்கள் போய்விடும். உங்கள் முகமும் மறைந்திருந்தால் மிஞ்சுவது 8 முகங்கள். வரிசைக்கு மூன்று பேராக அடுக்கும்போது ஒவ்வொரு முகமும் முன்பைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கும் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். பேசுபவரின் புருவம் சுருங்குவதுகூடக் கண்ணில் படும்.

ஆனால் இந்த இரண்டாவது வசதியை எல்லாக் கூட்டத்திலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மறைந்தவர்களின் குரல் வழக்கம்போலக் கேட்கும், கட்டம் மட்டும் இருக்காது. குரலைக் கொண்டு ஆளை அடையாளம் தெரியாவிட்டால் Participants பட்டியலைத் திறந்துவைத்து, யாருடைய மைக் குறி அசைகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். கை உயர்த்தியவர்களையும் அந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். வகுப்பெடுக்கும் ஆசிரியரும் கூட்டத்தை நடத்துபவரும் இதைத் தவிர்ப்பதே நல்லது. இணைய வேகம் போதாமல் கேமராவை அணைத்திருக்கும் மாணவர், ஆசிரியரின் கண்ணிலிருந்தே மறைந்துவிடக் கூடாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் இது பெரிய உதவி.

இந்த இரண்டையும் செய்வதால் இணைய டேட்டா மிச்சமாகும் என்று நம்ப வேண்டாம். உங்கள் வீடியோ தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். டேட்டாவை மிச்சப்படுத்தக் கேமராவையே அணைக்க வேண்டும். மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர, மேலே இருக்கும் View பொத்தானுக்குள் Show Self View இருக்கிறது. நீங்கள் பேசும் முறை வருவதற்குச் சற்று முன் அதைத் தட்டி, சட்டத்துக்குள் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு மறுபடி மறைத்துவிட்டுப் பேசத் தொடங்கலாம்.